சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு 250 வார்த்தையில என்ன எழுதறது?

"மேடம், நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம், ஊரு பென்னாகரம் பக்கம். லீவுல ரெண்டு மாசம் பெரிய லேப்ல ரிசர்ச் பண்ண காசு குடுத்தே கூப்பிடுவாங்கன்னு பஸ்ல வர்ற ஒரு சீனியர் அக்கா சொன்னாங்க. காலேஜ்ல கேட்டா யாருக்கும் சரியா தெரியல. இதுவரைக்கும் 78 பர்சன்ட் வச்சிருக்கேன். எங்க தேடறது, எப்ப அப்ளை பண்றது? இன்ட்ரஸ்ட் பத்தி எழுதச் சொல்றாங்களாம், எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. ஐ.ஐ.டி பசங்க எல்லாம் போடற இடத்துல எங்க ஊர் காலேஜ் பொண்ணுக்கு கிடைக்குமா மேடம்?"

பாப்பா, உன் லெட்டர் ஜூலைலயே வந்துருச்சு, அதுவே பாதி நிம்மதி. இதே கேள்விய மார்ச் கடைசியில கேக்கறவங்கதான் அதிகம், செமஸ்டர் முடியப் போகுது லீவுக்கு ஏதாவது பண்ணலாம்னு அப்பதான் நெனப்பு வரும், ஆனா அடுத்த மே மாசத்துக்கான கதவு அதுக்கு முந்தின வருஷ கடைசியிலயே மூடிருது.

அந்த அக்கா சொன்னது பெரும்பாலும் மூணு அறிவியல் அகாடமி சேந்து நடத்தற சம்மர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்பாத்தான் இருக்கும். பெங்களூர்ல இருக்கற இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், டெல்லில இருக்கற இன்சா, பிரயாக்ராஜ்ல இருக்கற நாசி, இந்த மூணும் சேந்து வருஷா வருஷம் நடத்தறாங்க. ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியோட லேப்ல இருந்து வேலை செய்யணும், மாசாமாசம் உதவித்தொகை உண்டு, ரயில் டிக்கெட் காசும் தருவாங்க. அறிவிப்பு ias.ac.in தளத்துல வரும், வழக்கமா செப்டம்பர் கடைசிலருந்து நவம்பருக்குள்ள விண்ணப்பம் முடிஞ்சுரும். அதனால செப்டம்பர் 15-லருந்து வாரத்துக்கு ஒரு தடவ அந்த தளத்தத் தொறந்து பாத்துரு, வாட்ஸாப்ல ஃபார்வர்டு வரும்னு காத்திருக்காத, வர்றப்ப தேதி முடிஞ்சிருக்கும். இது தவிர பெங்களூர் ஜக்கூர்ல இருக்கற ஜவஹர்லால் நேரு சென்டர் தனியா ஒரு சம்மர் ஃபெல்லோஷிப் நடத்துது, jncasr.ac.in-ல பாரு. ஐ.ஐ.டி மெட்ராஸ் நடத்தறது எம்.எஸ்சி முதல் வருஷம் படிக்கறவங்களுக்கும் பி.டெக் மூணாவது வருஷத்துக்கும், அத இப்பவே மனசுல போட்டு குழப்பிக்காத, எம்.எஸ்சி சேந்ததும் பாத்துக்கலாம்.

இதுல இன்டர்வியூ கிடையாது, பரீட்சை கிடையாது. உன் மார்க், நீ எழுதற ஒரு பத்தி, உன்னத் தெரிஞ்ச ஆசிரியர் எழுதற கடிதம், இந்த மூணத்தான் குழு பாக்குது. மார்க்க இனிமே ரொம்ப மாத்த முடியாது. பத்தாவதுலருந்து எல்லா தேர்வுலயும் இவ்வளவு பர்சன்ட் இருக்கணும்னு அறிவிப்புல போட்டிருப்பாங்க, அத மொத வேலையா பாத்துக்கோ, அதுக்கு கீழ போயிருந்தா நேரத்த வேற எடத்துல செலவு பண்ணலாம். உன் 78 நல்ல மார்க்தான், ஆனா மார்க்க மட்டும் வச்சு 90 வாங்கினவங்கள தாண்ட முடியாது, அத ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். மிச்சம் இருக்கறது அந்தப் பத்தியும் கடிதமும். ரெண்டு மாசத்துல என்ன பண்ண விரும்பறேன்னு சுமாரா 250 வார்த்தைக்குள்ள கேப்பாங்க. இங்கதான் நம்ம பசங்க பாதிப் பேருக்கு மேல விழறாங்க, நான் பாத்து பாத்து மனசு ஒடஞ்ச எடம் அது.

சில வருஷம் முன்னாடி காரிமங்கலம் பக்கத்துலருந்து ஒரு பொண்ணு என்கிட்ட படிச்சா. அவ எழுதிட்டு வந்த முதல் பத்தி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சின்ன வயசுலருந்தே கெமிஸ்ட்ரி மேல ஆர்வம், இன்னைக்கு நானோ டெக்னாலஜி வேகமா வளருது, நாட்டுக்கு சேவை செய்யணும், வாய்ப்பு குடுத்தா கடினமா உழைப்பேன். நாலு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் நெட்லருந்து எடுத்தது வேற. அப்படி எடுத்தா கண்டுபிடிச்சு தள்ளிருவாங்க, அது ஒரு பக்கம் இருக்கட்டும், அதுல அவளே இல்லையேங்கறதுதான் பெரிய குறை. அவ பேர எடுத்துட்டு வேற எந்தப் பேரப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்தும். நூத்துக்கணக்கான பத்தி படிக்கற ஒரு பேராசிரியருக்கு அதுல பிடிச்சுக்க ஒரு கொக்கி கூட கிடையாது.

நான் அந்தப் பேப்பர மூடி வச்சுட்டு, லேப்ல நீயா உன் கையால பண்ணின ஒண்ணச் சொல்லும்மான்னு கேட்டேன். ஃப்ளோரைடு பாத்தோம் மேடம்னா. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கறதும் பசங்க பல்லு காவியா ஆகறதும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே அதுக்காக வந்ததுதான். இவ ஊரச் சுத்தி 14 போர்லருந்து தண்ணி புடிச்சிட்டு வந்து ஸ்பேட்ன்ஸ் முறையில பாத்திருக்கா. ஸ்பேட்ன்ஸ்ங்கறது ஒரு சாயம், சிர்கோனியத்தோட சேந்தா செக்கச்செவேல்னு இருக்கும், தண்ணியில ஃப்ளோரைடு இருந்தா அது சிர்கோனியத்த தன் பக்கம் இழுத்துக்கும், சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுத்துச்சுன்னு 570 நானோமீட்டர்ல பாத்து, தெரிஞ்ச அளவுல போட்ட கிராஃபோட ஒப்பிட்டு ஃப்ளோரைடு எவ்வளவுன்னு சொல்றோம்.

ரெக்கார்ட் நோட்ட எடுத்துட்டு வான்னேன். பாத்தா 14-ல 6 போருக்கு லிட்டருக்கு 1.4 மில்லிகிராம்னு எழுதியிருக்கு. ஆறும் அச்சடிச்ச மாதிரி 1.4. ஏன்மா இப்படின்னு கேட்டேன், அவளுக்குத் தெரியல, எனக்குப் புரிஞ்சுது. அந்த முறை 1.4 வரைக்கும்தான் நேர்கோடா போகும், அவ போட்ட கிராஃபும் அங்கயே முடிஞ்சுது, அதுக்கும் மேல வெளுத்த தண்ணிக்கெல்லாம் கோட்டோட கடைசிப் புள்ளியையே எழுதி வச்சிருக்கா. இந்திய தரக் கட்டுப்பாட்டுல 1.0-க்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லன்னா அதிகபட்சம் 1.5. அப்ப அவ நோட்ட நம்பினா அந்த ஆறு ஊரும் எல்லைக்குள்ள இருக்கு, குடிக்கலாம்னு ஆயிருது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

மறுநாள் திரும்ப பண்ண வச்சேன். 10 மில்லி எடுத்து 50 மில்லி ஆக்கு, வந்த ரீடிங்க 5-ஆல பெருக்கு, அவ்வளவுதான். ஒரு போர் தண்ணி 0.62 காட்டுச்சு, அஞ்சால பெருக்கினா 3.1. முந்தா நாள் வரைக்கும் 1.4-ன்னு இருந்த அதே தண்ணி. ஆறும் 1.6-க்கும் 3.1-க்கும் நடுவுல ஆளுக்கொரு எடத்துல போய் நின்னுச்சு, ஒண்ணு கூட 1.5-க்குள்ள இல்ல. அந்தப் பொண்ணு பேசாம அந்த டெஸ்ட் டியூபையே பாத்துட்டு நின்னா, ஏன்னா 3.1 காட்டினது அவங்க தெரு போரு.

அன்னைக்கு சாயங்காலம் அவளே ஒரு கேள்வி கேட்டா. எங்க பாட்டி படிகாரம் போட்டு தெளிய வச்ச தண்ணியும் கொண்டு வந்தேன் மேடம், அதுல ஃப்ளோரைடு நல்லா கொறஞ்சு காட்டுது, நெசமாவே கொறஞ்சுதான்னு. அருமையான கேள்வி. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைட எடுக்கற நல்கொண்டா முறைன்னு ஒண்ணு இருக்கு, அதனால கொறஞ்சிருக்கலாம். ஆனா படிகாரத்துல இருக்கற அலுமினியம் தண்ணியில மிச்சம் நின்னா அதுவே ஃப்ளோரைட புடிச்சு வச்சுக்கிட்டு ஸ்பேட்ன்ஸ் ரீடிங்க கொறச்சுக் காட்டும். அப்ப ஃப்ளோரைடு போயிருச்சா, இல்ல மறைஞ்சு நிக்குதா? இத இந்த சாயத்த வச்சு மட்டும் சொல்ல முடியாது. ஃப்ளோரைடு எலக்ட்ரோடு வேணும், கூட டிசாப்னு ஒரு பஃபர் கரைசல் வேணும், அது அலுமினியத்த தனியா கட்டிப்போட்டு ஃப்ளோரைட விடுவிச்சுரும். எங்க காலேஜ்ல அந்த எலக்ட்ரோடு இல்ல.

பாத்தியா பாப்பா, அவளோட பத்தி இங்கதான் இருந்துச்சு. என்ன பண்ணினேன், எங்க தப்பு பண்ணினேன், எப்படி கண்டுபிடிச்சேன், இப்ப எது தெரியல, அதத் தெரிஞ்சுக்க எந்தக் கருவி வேணும், அது ஏன் என்கிட்ட இல்ல. அவ கடைசியா எழுதினது இங்கிலீஷ்ல, ஆனா மொதல்ல தமிழ்ல எழுத வச்சேன், சாரம் இதுதான்: "எங்க கிராமத்தச் சுத்தி 14 போர்வெல் தண்ணில ஸ்பேட்ன்ஸ் முறையில் ஃப்ளோரைடு அளந்தேன். ஆறு மாதிரிகள் கிராஃபின் எல்லைய தாண்டியதை முதலில் கவனிக்கல. அஞ்சு மடங்கு நீர்த்துப் பாத்ததும் 1.6 முதல் 3.1 வரை வந்தது. படிகாரம் சேர்த்த தண்ணில ரீடிங் குறையுது, இது ஃப்ளோரைடு நீங்கியதாலா, அலுமினியத்தின் குறுக்கீட்டாலா என்று என்னால் பிரிக்க முடியல. ஃப்ளோரைடு எலக்ட்ரோடு வைத்து ரெண்டு முறையையும் ஒரே மாதிரிகளில் ஒப்பிட விரும்பறேன். இதுக்கு தேவையான பிப்பெட், பஃபர் வேலைகள் தெரியும், எலக்ட்ரோடு வேலை கத்துக்கணும்." இவ்வளவுதான். ஆர்வம்ங்கற வார்த்தையே இல்ல. தப்ப ஏன் எழுதணும்னு அவளுக்கு ரொம்ப தயக்கம், அத எடுத்துரலாம் மேடம்னு ரெண்டு தடவ கெஞ்சினா, நான் விடல. தன் ரீடிங்கையே சந்தேகப்படத் தெரிஞ்ச பிள்ளைய எந்த லேப்லயும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

விண்ணப்பத்துல வழிகாட்டிங்க பட்டியல் இருக்கும், அதுலருந்து விருப்பப்பட்டவங்கள வரிசையா தேர்ந்தெடுக்கலாம். எல்லாரும் ஐ.ஐ.எஸ்சி-ல பேர் கேட்ட நாலு பேரத்தான் போடுவாங்க, நெரிசல் அங்கதான். அவ போட்டதுல ரெண்டு பெங்களூர், மிச்சம் தண்ணி சுத்திகரிப்பு, எலக்ட்ரோடுன்னு வேலை செய்யறவங்க. காரைக்குடில மின்வேதியியலுக்குன்னே ஒரு சி.எஸ்.ஐ.ஆர் லேப் இருக்கு, குஜராத் பாவ்நகர்ல உப்பு, சவ்வு, குடிநீர்னு வேலை செய்யற ஒண்ணு இருக்கு, இதெல்லாம் நம்ம பசங்க கண்ணுல படறதே இல்ல. ஒருத்தர் பேரப் போடறதுக்கு முன்னாடி அவரோட பக்கத்துல போய் கடைசி ரெண்டு மூணு வருஷத்துல வந்த பேப்பர் தலைப்புகள மட்டும் படி, உன் கேள்விக்கும் அதுக்கும் ஒரு நூலாவது ஓடணும். அவளுக்குக் கிடைச்சது அவ அஞ்சாவதா போட்ட எடம். வீட்டுல மொதல்ல விடல, ரொம்ப தூரம்னாங்க, அவங்க அப்பாவே கூடப் போய் ஹாஸ்டல் பாத்துட்டு வந்தப்புறம் சம்மதிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி இன்டகிரேட்டட் பிஎச்.டி இன்டர்வியூவுக்குப் போனா, முக்கால்வாசி நேரம் அந்த ரெண்டு மாச வேலைய பத்தியேதான் கேட்டாங்களாம், புத்தகத்துலருந்து கேட்டா எனக்கு கை நடுங்கியிருக்கும் மேடம், இது என் வேலை, நிறுத்தாம பேசினேன்னு போன்ல சொன்னா. நீ கேட்ட ஐ.ஐ.டி பசங்க கேள்விக்கு என்கிட்ட இருக்கற பதில் இந்தப் பொண்ணுதான். அவங்ககிட்ட எலக்ட்ரோடு இருக்கும், அந்த 14 போரும் பாட்டியோட படிகாரத் தண்ணியும் இருக்காது.

அடுத்தது கடிதம். நம்ம பக்கம் ஆசிரியர் கடிதம்னா நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி எழுதிக் குடுத்துருவாங்க, சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங், ஒழுக்கமான பெண். அதுல தப்பில்ல, ஆனா ஒண்ணும் சொல்லாது. எச்.ஓ.டி-ன்னு அவர்கிட்டயே போகணும்னு இல்ல, லேப்ல உன் பக்கத்துல நின்னு பாத்தவங்ககிட்ட போ. போறப்ப ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போ, எந்த தேதியில என்ன பண்ணினேன், என்ன தப்பு வந்துச்சு, எப்படி சரி பண்ணினேன், எந்தெந்த கருவி தெரியும், கடைசி தேதி என்னன்னு. அத வச்சுக்கிட்டு அவங்க சொந்தமா எழுதுவாங்க. கடைசி தேதிக்கு மூணு வாரம் முன்னாடி கேளு. சில திட்டத்துல ஆசிரியரோட இமெயிலுக்கே லிங்க் போகும், அது ஸ்பாம்ல போய் உக்காந்துக்கும். எனக்கே நடந்திருக்கு. ஒரு பையனுக்காக வந்த மெயில நான் பாக்கவே இல்ல, அவன் என்னக் கேக்க கூச்சப்பட்டுட்டு இருந்துட்டான், தேதி முடிஞ்சு போச்சு. அந்தப் பையன் முகத்த நெனச்சா இன்னைக்கும் கஷ்டமா இருக்கு. அதனால கூச்சமே படாத, லிங்க் போன அன்னைக்கே சார் மெயில் வந்துச்சா, ஸ்பாம்லயும் பாருங்கன்னு கேளு, ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் கேளு.

செமஸ்டர் தேதிய மறந்துராத. பெரியார் பல்கலைக்கழகத் தேர்வு ஏப்ரல், மேல இழுக்கும், ஜூன்ல மூணாவது வருஷம் தொறந்துருவாங்க. எடம் கிடைச்ச உடனே வழிகாட்டிக்கு மெயில் போட்டு எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும்னு பேசிக்கோ, அந்த மெயில பிரிண்ட் எடுத்து எச்.ஓ.டி-கிட்ட குடுத்து ஜூன் அட்டன்டன்ஸுக்கு எழுத்துல அனுமதி வாங்கிக்கோ. வாய்ல சொன்னது ஜூலைல யாருக்கும் ஞாபகம் இருக்காது. உதவித்தொகை முதல் நாளே கைக்கு வரும்னு நம்பிப் போகாத, முதல் மாச சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் வீட்டுல முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோ, பேங்க் கணக்குல ஆதார்லயும் மார்க்‌ஷீட்லயும் இருக்கற மாதிரியே பேரு இருக்கான்னு இப்பவே பாத்துரு, இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறிக் கெடந்து அலைஞ்ச பிள்ளைங்க நெறைய.

மூணாயிரம் கட்டு, வீட்டுலருந்தே ரிசர்ச் இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட் உண்டுன்னு போன்ல விளம்பரம் வரும், தொடாத. நான் சொன்ன அகாடமி ஃபெல்லோஷிப்ல அவங்கதான் உனக்குக் காசு தருவாங்க. இன்னொண்ணு, வீட்டுல பன்னெண்டாவது படிக்கற தம்பியோ தங்கச்சியோ இருந்தா மத்திய அரசோட இன்ஸ்பயர் ஷீ உதவித்தொகை பத்தி சொல்லி வை, போர்டு தேர்வுல முதல் 1 சதவீதத்துக்குள்ள வந்து பி.எஸ்சி மாதிரி அடிப்படை அறிவியல் சேந்தா வருஷத்துக்கு 80,000 ரூபாய் வரைக்கும் கிடைக்கும், ஆனா சேந்த முதல் வருஷத்துலயே போடணும். இன்ஜினியரிங் வேணாம்னு பி.எஸ்சி வந்த நல்ல பிள்ளைங்க பல பேரு இது தெரியாமயே விட்டுட்டாங்க.

இனி உன் விஷயம். உனக்கு இன்னும் ரெண்டு மாசம் முழுசா இருக்கு. ஃப்ளோரைடே பண்ணணும்னு இல்ல, அந்தப் பொண்ணோடத காப்பி அடிக்கவும் கூடாது. உன் லேப் ரெக்கார்டத் தொறந்து, எந்த சோதனையில ரீடிங் ஒரு மாதிரி வந்துச்சு, எதத் திருத்தி எழுதினே, எத சார் கேக்கலன்னு விட்டுட்டே, அதத் தேடு. டைட்ரேஷன்ல மூணு தடவையும் ஒரே ரீடிங் எழுதியிருப்பே, நெசமாவே ஒரே ரீடிங் வந்துச்சா? அங்கருந்து ஆரம்பி. ஆகஸ்ட்ல அத திரும்பப் பண்ணிப் பாரு, லேப் அசிஸ்டன்ட் அண்ணன்கிட்ட கேட்டா மதியம் ஒரு மணி நேரம் தருவாரு. செப்டம்பர் முதல் வாரத்துல தமிழ்லயே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு, பத்தி மட்டும் அனுப்பாத, ரெக்கார்ட் நோட்டுல அந்தப் பக்கத்தையும் அடிச்சு திருத்தினது தெரியற மாதிரி போட்டோ எடுத்து கூடவே அனுப்பு.